பாத்ரூமுக்குப் பாதி ஃபேன்

“நாளைக்குக் கான்கிரீட் போடக் கூடாது சார். நிறுத்துங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் ஆபீஸே தன்னைத் திரும்பிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து மேசையில் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் டீ டம்ளரை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார். அதை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று அவருக்கே தெரியவில்லை.

வீடு கட்டிக் கொடுக்கும் அந்த ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சார் அவளிடம் சொன்ன ஒரே புத்திமதி இது. “லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, இல்லைன்னு சொல்லுவேன், ஆனா கேளு. கான்கிரீட்டை நிறுத்துன்னு மட்டும் இந்த வாசப்படிக்குள்ள கேக்கக் கூடாது.” வீட்டில் அப்பாவும் அதையேதான் சொன்னார். அவர் முப்பது வருஷமாக, கூரைக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர். அவருடைய காரணம் மட்டும் வேறு. “கான்கிரீட் நாள்ல முப்பது பேர் சட்டியோட வந்து நிப்பாங்க. வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா அன்னைக்கு அவங்க வீட்ல அடுப்பு எரியாது. படிச்சவ வாயில இருந்து அந்த வார்த்தை வரக் கூடாது.”

அப்பா சொன்னதை அவள் மறக்கவில்லை. அதனால்தான் முந்தின நாளே, காலை பத்து மணிக்கே சொன்னாள். மத்தியானத்துக்குள் மேஸ்திரிக்குத் தகவல் போனால் ஆட்கள் நாளைக்கு வேறு வேலை பார்த்துக்கொள்வார்கள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் மாட்டினார். அவருக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், முதலில் கண்ணாடிக்கு மரியாதை செய்வார்.

“என்னம்மா டிகிரி, காலைலயே வயிறு சரியில்லையா?”

அவளுக்கு ஆபீஸில் அதுதான் பெயர். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று எப்போதோ யாரிடமோ சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து டிகிரி. ஒட்டடை அடிக்கச் சொல்வதென்றாலும் ‘டிகிரி, அந்த மூலை’ என்பார்கள்.

“வயிறு நல்லா இருக்கு சார். டிராயிங்தான் சரியில்ல. ஒயர்மேன் போன் பண்ணார். ஃபேன் மாட்டுற பெட்டியை எங்க வச்சிருக்கார் தெரியுமா? பாத்ரூமுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவுல இருக்கற சுவர் மேல. செங்கல் மேல உக்கார வச்சிருக்கார். கான்கிரீட் போட்டா அப்படியே உள்ள புதைஞ்சுடும்.”

“அவன் ஏன் அங்க வச்சான்?”

“டிராயிங்ல அங்க இருக்கு.”

“டிராயிங்கை யார் வரைஞ்சது?”

“நான் வரைஞ்சப்ப அது பெட்ரூம்ல இருந்துச்சு சார்.”

அண்ணனின் டம்ளர் சத்தமில்லாமல் மேசைக்கு இறங்கியது.

இது போன வாரத்துக் கூத்து. வீடு ஒன்றும் பெரிய அரண்மனை இல்லை. தரைத்தளம் மட்டும். நடுவில் நீள ஹால். இடது பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு படுக்கையறை. வலது பக்கம் முன்னால் சமையலறை, அதற்குப் பின்னால் பாத்ரூமும் ஸ்டோரும் ஒட்டி ஒட்டி. கூரையில் எந்த விளக்கு எங்கே, எந்த ஃபேன் எங்கே, எந்த சுவிட்சைத் தட்டினால் எது எரியும் என்று காட்டும் சீலிங் பிளானை அவள்தான் வரைந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். ஒவ்வொரு படுக்கையறைக்கும் நடுவில் ஒரு ஃபேன். அதன் இறக்கை சுற்றும் வட்டத்தையும் போட்டு, விளக்குகளை அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்தாள். இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும், படுத்தவனுக்குத் தலை சுற்றும். சுவிட்ச் பெட்டி கதவு திறக்கும் பக்கத்தில், கதவுக்குப் பின்னால் ஒளியாமல். படுக்கையறை விளக்குக்கு இரண்டு சுவிட்ச்: கதவருகே ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று. உள்ளே வரும்போது போட்டு, படுத்துக்கொண்டே அணைக்கலாம். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று புள்ளிக்கோட்டால் வளைத்து வளைத்து இழுத்து, நம்பரும் போட்டாள்.

சார் அந்தப் பிரிண்டை எடுத்துக்கொண்டு மீட்டிங் ரூமுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் மனிதர் மீட்டிங் மேசை மேல் மல்லாந்து படுத்திருந்தார். ஷூவோடு. பிரிண்டை, வரைந்த பக்கம் கூரையைப் பார்க்கும்படி, இரண்டு கையாலும் முகத்துக்கு மேல் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிகிரி, மாட்டிக்கிட்ட. சீலிங்கை எப்படிப் பார்க்கணும்? மேலதானே பார்க்கணும்? பாரு, நான் மேல பார்க்கறேன். பெட்ரூம் இடது பக்கம் இருக்கணும். உன் டிராயிங்ல வலது பக்கம் போயிடுச்சு. தலைகீழா வரைஞ்சிருக்க.”

“சார், நீங்க பேப்பரைக் கவிழ்த்துப் பிடிச்சிருக்கீங்க. கவிழ்த்தா மாறத்தான் செய்யும். சீலிங் பிளானை அண்ணாந்து பார்த்து வரையறதில்ல. தரை பூரா கண்ணாடி பதிச்ச மாதிரி நினைச்சுக்கிட்டு, குனிஞ்சு பார்த்தா கூரை எப்படித் தெரியுமோ அப்படி வரையணும். தரை பிளான்ல எது இடதோ அதுதான் இதுலயும் இடது. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அப்படியே பொருந்தும்.”

“நான் பார்த்த சீலிங் எத்தனை, நீ பார்த்த சீலிங் எத்தனை?”

சார் சாப்பிடப் போய்விட்டார். பேச்சு அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். மறுநாள் அக்காவுக்குப் பிரசவம், இரண்டு நாள் லீவு. அந்த இரண்டு நாளில் சார் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணனைக் கூப்பிட்டு, விளக்கு, ஃபேன், சுவிட்ச் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அப்படியே இடம் வலமாகப் புரட்டச் சொல்லியிருக்கிறார். சுவர்களைத் தொடவில்லை. கதவுகளைத் தொடவில்லை. சரிபார்த்தது ஹாலை மட்டும். ஹால் நடுவில் இருப்பது, அதை எத்தனை முறை புரட்டினாலும் அது ஹால்தான். எல்லாம் கச்சிதமாக இருக்கிறது என்று பிரிண்ட் சைட்டுக்குப் போய்விட்டது. பிரிண்டின் மூலையில் ‘வரைந்தவர்’ கட்டத்தில் அவள் பெயரின் இரண்டெழுத்து அப்படியே இருந்தது. ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் ஈகூட உட்காரவில்லை.

“அண்ணே,” என்று இப்போது பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினாள். “புரட்டும்போது உங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம்?”

“சார் சொன்னார், புரட்டினேன். நாளைக்கு வீட்டையே புரட்டுன்னு சொன்னாலும் எந்தப் பக்கம்னுதான் கேப்பேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா.”

“அந்த ரெண்டு பொண்ணும் நாளைக்கு எங்கயாவது வேலைக்குப் போகும்ணே.”

அண்ணன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

அவள் நேரே வாஷ்பேசினுக்குப் போனாள். ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். கொண்டுவந்து சாருடைய மேசைக்கு முன்னால், ஆபீஸ் ஃபேனுக்குக் கீழே, தரையில் வைத்தாள்.

“வாங்க சார். குனிஞ்சு பாருங்க.”

“என் மூஞ்சி எனக்குத் தெரியும்.”

“மூஞ்சிக்குப் பின்னாடி பாருங்க. ஃபேன் தெரியுதா? அதுக்குப் பக்கத்துல டியூப்லைட் தெரியுதா? டியூப்லைட் ஜன்னல் பக்கம் இருக்கா, வாசல் பக்கம் இருக்கா?”

சார் குனிந்தார். அவருடைய தொப்பை அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு கையை மேசையில் ஊன்றி, இன்னொரு கையால் சட்டைப்பை பேனாவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஜன்னல் பக்கம்.”

“இப்ப அண்ணாந்து பாருங்க. எந்தப் பக்கம்?”

“ஜன்னல் பக்கம்.”

“மாறிச்சா?”

சார் கண்ணாடியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். தன்னைப் பற்றி யாரோ புறம் பேசியதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

“இது வாஷ்பேசின் கண்ணாடி,” என்றார் கடைசியில். “இதை வச்செல்லாம் கட்டடம் கட்ட முடியாது.”

“சரி, கண்ணாடியை விடுங்க. ஒயர்மேன் இப்ப எங்க நிக்கறார்? சென்ட்ரிங் பலகைக்கு மேல. கம்பிக்கு நடுவுல பைப்பும் பெட்டியும் வைக்கறார். அவர் குனிஞ்சுதான் சார் பார்க்கறார். இந்த வேலையில யாருமே அண்ணாந்து பார்க்கறதில்ல. உங்களைத் தவிர.”

கடைசி இரண்டு வார்த்தையை விட்டிருக்கலாம். விட அவளுக்கு மனசில்லை.

சார் கார் சாவியை எடுத்தார். “வா சைட்டுக்கு. அங்க பேசிக்கலாம்.”

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். காலையிலேயே தன் கோப்பிலிருந்து எடுத்த பிரிண்ட் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

சைட்டில் மூங்கில் ஏணி ஏறி மேலே போனால், விரித்த பலகை முழுக்கக் கம்பி வலை. கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஒயர்மேன் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் இன்சுலேஷன் டேப்பின் ஒரு முனை. எதிரே வீட்டுக்கார அம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியின் மேல் தராசு முள் மாதிரி நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் தலையின் மேல் அந்த ஃபேன் பெட்டி, கோயில் கலசம் போல உட்கார்ந்திருந்தது.

“வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க,” என்றாள் டீச்சரம்மா. “இந்த ஃபேன் யாருக்கு?”

“டிராயிங்படிதானேம்மா...”

“டிராயிங்படிதான்மா வச்சிருக்கேன்,” என்றார் ஒயர்மேன் டேப்பைத் துப்பிவிட்டு. “ஒரு இறக்கை பாத்ரூம்ல குளிக்கறவங்களுக்கு. ஒரு இறக்கை ஸ்டோர்ல மூட்டைக்கு. மூணாவது இறக்கை சுவருக்கு. அதுக்கும் வேர்க்கும்ல?”

“இதை வைக்கும்போது உனக்குச் சந்தேகம் வரலையாப்பா?”

“வந்துச்சும்மா. போன தடவை ஒரு வீட்ல சந்தேகம் கேட்டேன். ‘படிச்சது நீயா நானா’ன்னாங்க. அதுல இருந்து சந்தேகம் வந்தா தண்ணி குடிச்சுக்கறேன். இங்க வந்து ரெண்டு பாட்டில் ஆச்சு. மூணாவது பாட்டில்லதான் ஆபீசுக்குப் போன் பண்ணேன்.”

“இன்னும் என்ன இருக்கு?”

“நிறைய இருக்கு. முன் பெட்ரூம் ஃபேன் சமையலறைக்குப் போயிடுச்சு. ஃபேனைப் போட்டா அடுப்பு அணையும், அடுப்பு எரியணும்னா வேர்க்கணும். கட்டில் தலைமாட்டு சுவிட்ச் அடுப்புக்குத் தலைமாட்டுல வருது. படுத்துக்கிட்டே சமைக்கலாம். பாத்ரூம் கண்ணாடி லைட்டு பின் பெட்ரூமுக்கு வந்துடுச்சு. அப்புறம் ஒரு சுவிட்ச் பெட்டி, ஹால்ல இருந்து சமையலறைக்குப் போற திறப்பு இருக்கு பாருங்க, அதுக்கு நடுவுல. சுவரே இல்ல. காத்துல மாட்டணும். அதுக்கு மட்டும் எனக்கு வழி தெரியலம்மா.”

டீச்சரம்மா சிரிக்கவில்லை. விடைத்தாள் திருத்துகிறவள் முகத்தோடு சார் பக்கம் திரும்பினாள். “யார் வரைஞ்சது?”

சார் இதற்காகத்தான் காத்திருந்தார் போல, பிரிண்டை விரித்துக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். “பாருங்கம்மா, பேர் போட்டிருக்கு. புதுப் பொண்ணு. காலேஜ்ல கண்ணாடி அது இதுன்னு என்னமோ சொல்லிக் குடுத்து அனுப்பிடறாங்க, புள்ளைங்க குழம்பிடுதுங்க. நான் பேசிக்கறேன். சின்னப் பொண்ணு, மன்னிச்சு விட்டுடுங்க.”

அப்புறம் டிகிரியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி அவள் காதருகே வந்தார். “சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் தப்புன்னு ஒத்துக்கோ. கான்கிரீட்டைத் தள்ளி வச்சுடலாம், நீ கேட்டது நடந்துடும். வேலையும் இருக்கும். ஒரு வார்த்தைதானே?”

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கூரை சரியாகும். கூடவே இந்தச் சுவர் மேல் ஃபேன் வைத்த பெருமையும் அவளுக்கே எழுதி வைக்கப்படும். இந்த ஊரில் நாலு பில்டர்தான். நாலு பேரும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறவர்கள். ‘பாத்ரூம் சுவர்ல ஃபேன் வச்சாளே, அந்தப் பொண்ணா?’ என்று அடுத்த ஆபீஸில் கேட்பார்கள். அதற்கடுத்த ஆபீஸிலும் கேட்பார்கள். அப்பா வேலை செய்யும் பலகையின் மேல் நின்றுகூட யாராவது சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அவர் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

அவள் கையிலிருந்த சுருளைப் பிரித்தாள். கம்பியின் மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு, சாருடைய பிரிண்டுக்குப் பக்கத்தில் தன்னுடையதை விரித்தாள். காற்றில் பறக்காமல் ஒயர்மேனின் கட்டிங் பிளேயரை எடுத்து ஒரு மூலையில் வைத்தாள்.

“டீச்சர், நீங்களே பாருங்க. ரெண்டுலயும் சுவர் ஒண்ணுதான், கதவு ஒண்ணுதான். இது நான் வரைஞ்சது. பெட்ரூம்ல ஃபேன். கதவு பக்கத்துல சுவிட்ச், இந்தப் புள்ளிக்கோடு போய் லைட்டைத் தொடுது பாருங்க. இதோ கட்டில் பக்கத்துல இன்னொண்ணு, அதே லைட்டுக்கு. இந்த இன்னொரு பேப்பர்ல அதே கோடு, அதே நம்பர், எல்லாம் அந்தப் பக்கம் தாவியிருக்கு. தாவ வச்சது சார். மேசை மேல படுத்துக்கிட்டு, பேப்பரைக் கவிழ்த்துப் பிடிச்சுப் பார்த்துட்டு, புரட்டச் சொன்னார். நான் வேணாம்னேன். என் பேரை மட்டும் புரட்டாம விட்டுட்டார்.”

“ஏய்!” என்றார் சார். அவசரத்தில் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். கால் கம்பி வலைக்குள் இறங்கி ஷூ மாட்டிக்கொண்டது.

டீச்சரம்மா அவரைக் கவனிக்கவே இல்லை. இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலால் நடு ஹாலில் ஒரு கோடு இழுத்தாள், இந்தப் பக்கத்து ஃபேனிலிருந்து அந்தக் கோடுவரை சாண் போட்டாள், அங்கிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாண் போட்டாள்.

“இம்மி பிசகாம இருக்கே,” என்றாள். “தப்பு பண்றவங்க இவ்வளவு ஒழுங்கா பண்ண மாட்டாங்க. என் பசங்க பண்ற தப்புல இப்படி ஒரு நேர்த்தியை நான் பார்த்ததே இல்ல. இது அப்படியே புரட்டிக் காப்பி அடிச்ச கணக்கு. ஏன் சார், நிஜமாவே மேசை மேல படுத்தீங்களா?”

“அதும்மா... ஒரு பரிசோதனைக்கு...” சார் குனிந்து ஷூவை இழுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை.

“மேஸ்திரிக்குப் போன் போடுங்க. நாளைக்கு ஒருத்தரும் வர வேணாம். இப்பவே சொன்னாத்தான் அவங்க வேற வேலைக்குப் போவாங்க. லாரிக்காரங்களுக்கும் சொல்லிடுங்க. ஏம்ப்பா, மாத்தி வைக்க எவ்வளவு நேரம்?”

ஒயர்மேன் அவளுடைய பிரிண்டின் மேல் கண்ணை ஓட்டினார். “நாளைக்குச் சாயங்காலம் முடிச்சுடலாம்மா. ஹாலைத் தொட வேணாம். ரெண்டு பக்கம்தான்.”

சார் போனை எடுத்தார். ஒற்றைக் காலில் ஷூவும் ஒற்றைக் காலில் சாக்ஸுமாக மேஸ்திரியைக் கூப்பிட்டு, வாழ்நாளில் சொல்லாத அந்த வாக்கியத்தைச் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னார். அண்ணாந்து பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை.

போனை வைத்ததும் குரல் மாறியது. “சரி, நடந்தது நடந்துடுச்சு. நீ ஆபீசுக்குப் போ. இதைப் புதுசா ஒரு பிரிண்ட் போட்டு, சரிபார்த்தவர்ல என் பேரையும் போட்டு அனுப்பு. ஆள் முன்னாடி பெரியவங்களை இப்படிப் பேசக் கூடாதுன்னு நாளைக்கு உனக்கு நிதானமா சொல்றேன்.”

“நாளைக்கு நான் வரல சார்.”

“லீவா?”

“லீவு இல்ல.”

சொல்லும்போது அவளுக்குக் குரல் நடுங்கவில்லை. நடுங்குவதற்கெல்லாம் காலையிலேயே நேரம் ஒதுக்கியாகிவிட்டது. ஒயர்மேன் போனை வைத்த கையோடு, சாரிடம் போவதற்கு முன்னால், மேசை டிராயரைக் காலி செய்துவிட்டாள். தண்ணி பாட்டில், சீப்பு, அளவு டேப், ஆபீஸுக்கென்று வைத்திருந்த செருப்பு, எல்லாம் தோளில் கிடந்த பைக்குள் இருந்தன. கான்கிரீட்டை நிறுத்தச் சொல்வது அந்த வாசப்படிக்குள் கூடாது என்று சொன்னவர் அவர்தானே. நிறுத்தினாலும் சரி, நிறுத்தாவிட்டாலும் சரி, இனி அந்த மேசை வேண்டாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது. வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும்.

பிரிண்டை மட்டும் எடுக்கவில்லை. அதை ஒயர்மேன் பக்கம் நகர்த்திவிட்டு, ஏணியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தாள்.

“மேடம்!” ஒயர்மேன் மேலிருந்து கத்தினார். “கட்டில் பக்கத்து சுவிட்ச் எவ்வளவு உயரம்? இங்க போடல!”

“அவகிட்ட ஏன்யா கேக்கற? அவ இப்ப நம்ம ஆபீஸ் இல்ல!”

“அப்ப நீங்க சொல்லுங்க சார். எவ்வளவு உயரம்?”

மேலே ஷூவைக் கம்பிக்குள்ளிருந்து இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“தரை போட்டு முடிச்ச மட்டத்துல இருந்து ரெண்டரை அடி!” என்றாள் அவள் கடைசிப் படியில் நின்று. “கட்டிலை ஒட்டி இல்ல, அரை அடி தள்ளி வைங்க. தலைகாணி இடிக்கும்.”

தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.